எலக்ட்ரிக்கல், பால்ஸ் சீலிங், பெயிண்ட், டைல்ஸ்: யார் எப்போது வரவேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் 20, 25 வருடத்துக்கு முன்பு கட்டிய தனி வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கான்கிரீட் தளம், செங்கல் சுவர், மொசைக் தரை உள்ள வீட்டை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

நாலு பேரிடமும் பேசிவிட்டேன். ஆளாளுக்கு "நான்தான் முதலில்" என்கிறார்கள். யாரை முதலில் விடுவது?

நான்கு பேர் சொல்வதும் பாதி சரி. ஒருவர் வந்து முழுக்க முடித்துவிட்டுப் போக, அடுத்தவர் வரவேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆளை வைத்து வரிசை போடாமல், வருகையை வைத்துப் போடுங்கள். எலக்ட்ரீஷியன் மூன்று முறை வருவார். பெயிண்டர் இரண்டு முறை வருவார். கொத்தனார் இடையில் ஒரு முறை, சீலிங் ஆட்களும் டைல்ஸ் மேஸ்திரியும் ஒவ்வொரு முறை.

உடைப்பதும் வெட்டுவதும் எல்லாவற்றுக்கும் முன்னால். அதாவது பழைய தரையை எடுப்பதாக இருந்தால் அது, பிறகு எலக்ட்ரீஷியன் சுவரில் பள்ளமாகக் காடி வெட்டிப் பைப்பும் பாக்ஸும் பதிப்பது. அடுத்து கொத்தனார் பூசி மூடுகிறார். பூச்சு தண்ணீர் குடித்துக் காய்ந்தபின் எலக்ட்ரீஷியன் இரண்டாம் முறை வந்து வயர் இழுத்துச் சோதிக்கிறார். அதன் பிறகு சீலிங். சீலிங் ஏறியபின் பெயிண்டர் வந்து பட்டி, பிரைமர், முதல் கோட் எமல்ஷன். அடுத்து டைல்ஸ், ஸ்கர்ட்டிங். எலக்ட்ரீஷியன் மூன்றாம் முறை வந்து சுவிட்ச், விளக்கு, பேன் மாட்டுகிறார். கடைசிக் கோட் பெயிண்ட் எல்லாருக்கும் பின்னால்.

இந்த வரிசையில் ஓரிடம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். அது தரை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

எலக்ட்ரீஷியன் மூன்று தடவை வரமாட்டேன், ஒரேயடியாக வயரும் இழுத்துவிடுகிறேன் என்கிறார். அதில் என்ன தப்பு?

பைப் பதித்த அன்றே வயரையும் இழுத்துவிட்டால், அடுத்த நாள் கொத்தனார் பூசும்போது பாக்ஸுக்குள் கலவை விழுந்து வயர் முனையோடு சேர்ந்து இறுகும். அதைக் கொத்தி எடுக்கும்போது வயரின் மேலுறை கிழியும். ஈரப் பூச்சுக்குள் வயர் இருக்கும்போது சோதனை செய்தாலும் அந்த அளவை நம்பமுடியாது. ஆகவே முதல் வருகையில் பைப், மெட்டல் பாக்ஸ், பைப்புக்குள் ஓர் இழுப்புக் கம்பி, இவ்வளவு போதும். பாக்ஸின் வாயைத் தெர்மோகோல் துண்டாலோ கசக்கிய பேப்பராலோ அடைத்துவிடச் சொல்லுங்கள்.

பாக்ஸ் வைக்கும் ஆழத்தை நின்று பாருங்கள். பாக்ஸின் விளிம்பு, பூச்சு முடிந்த சுவரின் முகத்தோடு சமமாக வரவேண்டும். உள்ளே புதைந்தால் சுவிட்ச் பிரேமின் திருகு எட்டாது. வெளியே துருத்தினால் பிளேட் சுவரோடு ஒட்டாமல் நிற்கும், பெயிண்டர் அந்த இடைவெளியைப் பட்டியால் நிரப்பப் பார்ப்பார், பிறகு பிளேட்டைக் கழற்றும்போதெல்லாம் பட்டி பெயர்ந்து வரும்.

இரண்டாம் வருகைதான் பலர் விட்டுவிடும் வருகை. வயர் இழுத்து முடித்ததும், சீலிங் போர்டு ஏறுவதற்கு முன்பு, வயர் உறையின் மின்தடுப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்கவேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும். குறைந்தது 1 மெகாஓம் வரவேண்டும். புது வயரில் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஏதாவது ஒன்று தாழ்ந்து காட்டினால், எங்கோ உறை உரிந்திருக்கிறது அல்லது பைப்பில் தண்ணீர் நிற்கிறது. அதை அன்றைக்குக் கண்டுபிடித்தால் ஒரு வயரை உருவி மாற்றுவதோடு போகும். போர்டு ஏறிப் பெயிண்டும் அடித்தபின் மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால், கூரையைத்தான் பிரிக்கவேண்டும்.

வயர் அளவையும் அன்றே கையில் பிடித்துப் பாருங்கள். விளக்கு, பேனுக்கு 1.5 சதுர மி.மீ., பவர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4. இன்வெர்ட்டர் இருந்தால் அல்லது பிறகு வரப்போகிறது என்றால், அதில் ஓடவேண்டிய விளக்கு, பேன்களுக்கான லைன் முதல் வருகையிலேயே தனியாகப் பிரியவேண்டும். மின்தடை வந்தால் எந்த அறையில் எது எரியவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயிண்ட் முடிந்தபின் "பூஜை அறை விளக்கை இன்வெர்ட்டரில் போடணுமே" என்று யாராவது சொன்னால், மிஞ்சியிருக்கும் ஒரே வழி சுவருக்கு மேலே ஓடும் கேசிங் கேப்பிங்தான்.

பூசி மூடுவதற்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்துப் பிடித்தபடி போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு டிவி மாட்ட டிரில் போடும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

பெயிண்ட் அடித்து மூன்று மாதத்தில் சுவரில் நேர்கோடாக வெடிப்பு. சுவிட்ச் போர்டில் ஆரம்பித்து மேலே வரைக்கும் போகிறது. பெயிண்டர் தப்பா?

பெரும்பாலும் பெயிண்டர் தப்பு இல்லை. கோடு போர்டிலிருந்து நேராக மேலே போகிறது என்றாலே அது காடியின் விளிம்பு.

வெட்டிய சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். இரண்டு பக்கம் மெஷின் போட்டு நடுவைச் சுத்தியலால் தட்டி எடுத்த காடி அது. உள்ளே செங்கல் தூள் அப்படியே படிந்திருக்கும். பழைய பூச்சின் வெட்டு முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். நடுவில் ஆணியில் தொங்கும் பைப்பைக் கையால் அழுத்தினால் ஆடும். இதற்கு மேல் ஒரு கரண்டி கலவையை இழுத்து மூடினால், அது தூளோடு ஒட்டும், சுவரோடு ஒட்டாது. பைப் அசையும்போதும் பூச்சு சுருங்கும்போதும் விளிம்பில் பிரியும். மேலே பட்டியும் பெயிண்டும் எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் கோடு திரும்ப வரும்.

காடியின் ஆழம் முதலில் சரியாக இருக்கவேண்டும். 20 மி.மீ. பைப்புக்கு மேல் குறைந்தது 12 மி.மீ. கலவை நிற்கவேண்டும் என்றால், சுவர் முகத்திலிருந்து 32 முதல் 35 மி.மீ. ஆழம் வேண்டும். நாலரை அங்குல அறைத்தடுப்புச் சுவரில் இந்த ஆழத்துக்குப் படுக்கைவசமாக நீளமாக வெட்ட விடாதீர்கள், சுவர் பலம் போய்விடும். நிமிர்ந்த காடியே போதும். அதே இடத்தில் மறுபக்கமும் வெட்டக்கூடாது.

வெட்டியபின் பிரஷ் போட்டுத் தூளை வழித்து, தண்ணீர் அடித்துக் கழுவவேண்டும். பைப்பை இரண்டடிக்கு ஓர் இடத்தில் ஆடாமல் இறுக்கவேண்டும். கலவையை முதலில் பைப்பைச் சுற்றி அழுத்தி நிரப்பி, அது சற்று இறுகியபின், காடியின் இரு பக்கமும் 2 அங்குலமாவது தாண்டி நிற்கும்படி கோழிவலையை வைத்து ஆணியடித்து, அதற்கு மேல் கடைசிப் பூச்சு. வலை உட்கார, இரு பக்கமும் பழைய பூச்சை மெலிதாகச் சுரண்டி எடுக்கவேண்டியிருக்கும். இதைச் செய்யக் கொத்தனார்கள் சலித்துக்கொள்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

எம்-சாண்டில் பூசுகிறீர்கள் என்றால் பூச்சுக்கென்று அரைத்து வரும் மெல்லிய ரகம் வேண்டும். கான்கிரீட்டுக்கு வரும் ரகத்தில் பூசினால் முகம் சொரசொரப்பாகி, பெயிண்டர் பட்டியைத் தடிமனாக ஏற்றுவார்.

பூசிய இடத்தில் எத்தனை நாள் கழித்துப் பட்டி போடலாம்?

7 நாள் தண்ணீர் காட்டவேண்டும், அதற்குப் பிறகு குறைந்தது ஒரு வாரம் காயவேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முகம் காய்ந்தும் உள்ளே ஈரம் நிற்கும். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைப் பூசிய இடத்தில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் காலையில் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தால் இன்னும் நாள் வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் அதையே கலவைக்கும் ஊற்றினால், காயும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். பட்டி பொரிந்து உதிரும். இந்தச் சின்ன வேலைக்கு மொத்தமே சில குடம்தான் செலவாகும். குழாயில் வரும் குடிநீரைப் பிடித்துக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே பூத்துவிட்டால் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

டைல்ஸ் முதலிலா, சீலிங் முதலிலா?

டைல்ஸை எதன்மேல், எப்படி ஒட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய மொசைக் தரைமேல் அட்ஹெசிவ் போட்டு ஒட்டுவதாக இருந்தால், சீலிங்கும் பட்டியும் முதல் கோட்டும் முடிந்தபின் டைல்ஸ். பட்டியை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூளும், சாரம் இழுக்கும்போது விழும் கீறலும் பழைய தரைமேலேயே போகட்டும். அட்ஹெசிவ் வேலையில் தண்ணீர் குறைவு, சுவருக்கும் கூரைக்கும் ஈரம் ஏறாது. மேஸ்திரியால் சுவரின் கீழ் ஓரடிக்குத் தெறிப்பும் கறையும் விழும். அதற்காகத்தான் கடைசிக் கோட்டை நிறுத்தி வைக்கிறோம்.

பழைய தரையை உடைத்துவிட்டு 2 அங்குலம் சிமெண்ட் கலவை போட்டு அதன்மேல் பதிப்பதாக இருந்தால் வரிசை மாறும். உடைப்பது முதல் நாளே நடக்கவேண்டும், காடி வெட்டுவதற்கும் முன்பு. அந்தக் கனமான கலவை காயும்போது மூடிய அறைக்குள் நிறைய ஈரத்தை விடும். ஜிப்சம் போர்டும் அதன் இணைப்புப் பட்டியும் அந்த ஈரத்தைக் குடித்தால் போர்டு தொய்யும், டேப் ஒட்டிய இடம் மேடு தட்டும். எனவே இந்த முறையில் தரை முதலில். டைல் இடைவெளியை நிரப்பும் கிரவுட் காய்ந்தபின் தரையை மூடிவிட்டு சீலிங் வேலை.

மூடுவது என்றால் பழைய பேப்பரைப் பரப்புவது இல்லை. முதலில் பாலிதீன் தாள், ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அரை அடி ஏற்றி, அதற்கு மேல் நெளிவு பிளாஸ்டிக் ஷீட்டோ பிஓபி பூச்சோ. பாலிதீன் இல்லாமல் நேரடியாக பிஓபி ஊற்றினால் கிரானைட்டிலும் மார்பிளிலும் ஈரக்கறை இறங்கும்.

மொசைக்மேல் ஒட்டுவதற்கு முன்பு ஒரு குச்சியால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் மொசைக் கீழே பிடிப்பு இல்லை. அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, பெயர்த்து, கலவையால் நிரப்பியபின்தான் டைல்ஸ். இல்லாவிட்டால் மேலே ஒட்டும் புது டைலும் மொசைக்கோடு சேர்ந்து தூக்கும்.

டைல்ஸ் ஒட்டினபிறகு கதவு திறக்கவில்லை, சுவிட்ச் போர்டு எல்லாம் ஒரு லெவலில் இல்லை. இதை முன்பே எப்படித் தவிர்ப்பது?

முதல் நாள், எந்த ஆளும் கருவியைத் தொடுவதற்கு முன்பு, வீடு முழுக்க ஒரு மட்டக்கோடு போடுங்கள். முடிந்த தரையிலிருந்து சரியாக 3 அடி உயரத்தில் எல்லா அறைச் சுவரிலும் ஓடும் கோடு. லேசரில் போடலாம், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபில் போடலாம். டியூபுக்குள் காற்றுக்குமிழ் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பிறகு சுவிட்ச் பாக்ஸ், சீலிங் ஓரச் சேனல், ஸ்கர்ட்டிங் மூன்றும் இந்தக் கோட்டிலிருந்தே அளக்கப்படவேண்டும், எவரும் தரையிலிருந்து அளக்கக்கூடாது. பழைய தரை சமமாக இருக்காது. ஆளாளுக்குத் தரையிலிருந்து அளந்தால் ஹாலின் ஒரு முனையில் உள்ள போர்டுக்கும் மறுமுனைக்கும் வித்தியாசம் வந்துவிடும்.

"முடிந்த தரை" எங்கே வரும் என்று கண்டுபிடிக்க, பழைய தரையின் மிக உயர்ந்த இடத்தைத் தேடுங்கள். அதற்கு மேல் அட்ஹெசிவ் 5 மி.மீ., டைல் 10 மி.மீ. என்றால் 15 மி.மீ. உயரும். தாழ்ந்த மூலையில் பள்ளம் அதிகம் இருந்தால் அதை முன்னதாகவே சிமெண்ட் கலவையால் நிரப்பிக் காயவிடுங்கள். அட்ஹெசிவ் ஒட்டுவதற்கு, பள்ளம் ரொப்புவதற்கு அல்ல.

இப்போது கதவு. பழைய கதவின் கீழ் இடைவெளி பெரும்பாலும் 5, 6 மி.மீ.தான் இருக்கும். 15 உயர்ந்தால் கதவை 12 மி.மீ.க்கு மேல் அறுக்கவேண்டும். ஆசாரியை டைல்ஸுக்கு முன்பே, பெயிண்டரின் முதல் வருகைக்கு முன்பு கூப்பிடுங்கள். அறுத்த அடிமுனைக்கும் பிரைமர் அடிக்கவேண்டும், கதவை மாட்டியபின் அங்கே பிரஷ் போகாது. குளியலறைத் தரை ஹாலைவிடத் தாழ்ந்தே இருக்கவேண்டும், ஹால் உயர்வதால் அதில் பிரச்சினை வராது. ஆனால் குளியலறையிலும் புது டைல் ஏற்றினால் இரண்டின் உயர வித்தியாசத்தையும் மறுபடி கணக்குப் பாருங்கள்.

சீலிங்கில் விளக்குக்கு ஓட்டை போடும்போது உள்ளே கம்பி குறுக்கே வருகிறது, வெட்டிவிட்டுப் போட்டார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமுடியாது. ஜிப்சம் கூரையில் போர்டைத் திருகும் சேனல்கள் 18 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும். அதில் ஒன்றை நடுவே வெட்டினால் அந்த இடத்தில் போர்டைப் பிடிக்க ஆளில்லை, சில மாதத்தில் விளக்கைச் சுற்றி வெடிப்பு வரும். வெட்டிய சேனலின் இரு முனைக்கும் பக்கத்துச் சேனலோடு குறுக்குத் துண்டு கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள்.

இது நடக்காமல் இருக்க, விளக்குகளை முன்பே வாங்கிவிடவேண்டும். படம் பார்த்து "4 அங்குல விளக்கு" என்று வாங்கினால் வெட்டும் வட்டம் வேறாக இருக்கும், அட்டைப்பெட்டிமேல் போட்டிருக்கும் கட்-அவுட் அளவுதான் கணக்கு. சீலிங் ஆட்கள் வருவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு விளக்கின் இடத்தையும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, தூக்குக்குண்டு வைத்து மேலே தளத்தில் குறித்துவிடுங்கள். சேனல்கள் அந்த வட்டங்களை விட்டு ஓடும். எலக்ட்ரீஷியனும் அதே குறிக்கு நேராக ஓரடி வயரைத் தொங்கவிடுவார். சேனல் ஏறியபின், போர்டு ஏறுமுன், எத்தனை வயர் தொங்குகிறது என்று எண்ணுங்கள். வயர் இணைப்பு எதுவும் கூரைக்குள் டேப் சுற்றிய முடிச்சாக இருக்கக்கூடாது. பாக்ஸுக்குள், விளக்கைக் கழற்றினால் கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

பேன் கான்கிரீட் தளத்திலிருந்தே தொங்கவேண்டும், சீலிங் சேனலிலிருந்து ஒருபோதும் கூடாது. கூரை 6 அங்குலம் இறங்கினால் பேன் ராடும் 6 அங்குலம் கூடுதல் நீளமாக வாங்குங்கள். இறக்கைக்கும் புதுக் கூரைக்கும் ஓரடி இடைவெளி இல்லாவிட்டால் பேன் சுற்றும், காற்று வராது. வேலூர் மே மாதத்தில் அந்தத் தவறின் அருமை தெரியும்.

மொட்டை மாடி ஒழுகுகிறதா என்று சீலிங்குக்கு முன்பே பார்த்துவிடுங்கள். மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணிநேரம் விட்டால் போதும். தட்டோடு பதித்த பழைய மாடியில் தட்டோட்டின் இணைப்புகள் வழியே இறங்கும் ஈரம் கீழே மங்கலான திட்டாகத் தெரியும். சீலிங் போட்டுவிட்டால் அந்தத் திட்டைப் பார்க்கவே முடியாது, போர்டு மஞ்சளாகும்போதுதான் தெரியவரும்.

பெயிண்டர் "மறுபடி வர தனிக் கூலி" என்கிறார். கடைசிக் கோட்டையும் முன்பே அடித்துவிட்டு டச்-அப் செய்துகொண்டால் ஆகாதா?

டச்-அப் என்பது தெரியாமல் இருக்கும் என்று நம்புவதுதான் சிக்கல். அதே டப்பா பெயிண்டாக இருந்தாலும், ரோலரில் அடித்த சுவரில் பிரஷால் தொட்ட இடம் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது திட்டாகத் தெரியும். ஸ்கர்ட்டிங்குக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பட்டியால் அடைத்தபின் கீழ் ஓரத்தை முழு நீளத்துக்கும் தொடவேண்டியிருக்கும். சுவருக்குச் சுவர் முழுதாக ஒரு கோட் அடித்தால்தான் மறையும். ஆகையால் பேசும்போதே "இரண்டு வருகை" என்று சொல்லிக் கூலி பேசிவிடுங்கள். பிறகு கேட்பதைவிடக் குறைவாகவே முடியும்.

முதல் வருகையில் இரண்டு கோட் பட்டி, மொத்தத் தடிமன் ஒன்றரை மி.மீ.க்குள். தேய்த்து, பிரைமர், முதல் கோட். பட்டி தேய்த்து முடிந்ததும் ஒரு எல்இடி ஃபோகஸ் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், மேடுபள்ளம் நிழலாக விழும். சீலிங் ஓரத்தில் மறைந்து எரியும் கோவ் லைட் வைக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்த விளக்கு எல்லாக் குறையையும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் வருகைக்கு முன்பு எலக்ட்ரீஷியன் சுவிட்சையும் பிரேமையும் மாட்டி முடித்திருக்கவேண்டும், மேல் பிளேட்டை மட்டும் பையில் வைத்திருக்கட்டும். கடைசிக் கோட் காய்ந்தபின் பிளேட்டை அழுத்தினால் ஓரத்தில் பெயிண்ட் ஒட்டாமல் சுத்தமாக உட்காரும்.

ஒரு ஹால் மட்டும் என்றால் எத்தனை நாள், எவ்வளவு சாமான்? கணக்காகச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு ஹால், 16 அடிக்கு 12 அடி, தளம் 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொசைக்மேல் 600 மி.மீ. டைல், முழு ஜிப்சம் கூரை 6 அங்குலம் இறக்கம்.

தரை 192 சதுர அடி. கூரைக்கு 6க்கு 4 அடி போர்டு கணக்குப்படி 8 வரும், இணைப்புகள் ஒரே நேரில் வராமல் தள்ளிப் போட வெட்டவேண்டியிருப்பதால் 9 வாங்குங்கள். 600 மி.மீ. டைலை 2 அடி என்று சொன்னாலும் உண்மையில் சற்றுக் குறைவு. 4 டைல் உள்ள பெட்டி 15.5 சதுர அடிதான் வரும். 192 உடன் சேதாரம் 8 சதவீதம், 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு ஏறக்குறைய 16 சதுர அடி சேர்த்தால் 223. அதாவது 15 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

முதல் நாள் மட்டக்கோடு, குறிப்புகள், மாடியில் தண்ணீர் கட்டுவது. 2, 3 ஆம் நாள் காடி, பைப், பாக்ஸ். 4 ஆம் நாள் கொத்தனார். 5 முதல் 11 வரை தண்ணீர் காட்டுவது மட்டும். இந்த ஒரு வாரத்தில் விளக்கு, டைல்ஸ் வாங்குவது, கதவு அறுப்பது. 12 முதல் சுவர் காயும் நாட்கள். 14, 15 இல் வயர் இழுத்து மெக்கர், 16 முதல் 18 வரை சீலிங், ஜன்னல்களைத் திறந்தே வைத்து. 19 இல் பாலிதீன் சோதனை சரி என்றால் பெயிண்டர் வருகிறார், 23 வரை. 24, 25 இல் டைல்ஸ். ஒரு நாள் மிதிக்காமல் விட்டு 27 இல் கிரவுட், பிறகு மூடுவது. 29 இல் எலக்ட்ரீஷியன் மூன்றாம் வருகை. 30, 31 இல் கடைசிக் கோட், பிளேட். ஒரு மாதம். இதில் ஏறக்குறைய பத்து நாள் யாரும் வேலை செய்யாமல் சுவர் காய்கிற நாட்கள். "15 நாளில் முடித்துத் தருகிறேன்" என்பவர் வெட்டிக் குறைப்பது அந்த நாட்களைத்தான்.

எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்?

பொங்கலுக்குள் பெயிண்ட் முடியவேண்டும் என்று கார்த்திகையில் ஆரம்பிக்கிறவர்கள் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் காய ஆகும் நாள் இரட்டிப்பாகும், மேலே சொன்ன பாலிதீன் சோதனை தேறாமலே நிற்கும். பூச்சு வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, பட்டியையும் பெயிண்டையும் மார்கழியில் வைத்துக்கொண்டால் சரியாக வரும். தை முதல் பங்குனி வரை எல்லா வேலைக்கும் நல்ல காலம், பொங்கலை ஒட்டிய ஒரு வாரம் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள்.

கத்திரி வெயிலில் நேர்மாறான பிரச்சினை. பூச்சுக்கு ஒரு நாளில் மூன்று முறை தண்ணீர் அடித்தாலும் மதியத்துக்குள் உலர்ந்துவிடும், ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். அட்ஹெசிவைத் தரையில் அதிகம் பரப்பி வைத்தால் மேலே தோல் கட்டிவிடும், டைல் ஒட்டாது. ஒரு நேரத்தில் இரண்டு டைலுக்கு மட்டும் பரப்பி ஒட்டச் சொல்லுங்கள். இடையிடையே ஒட்டிய டைலை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், அடிப்பக்கம் முழுக்க அட்ஹெசிவ் பிடித்திருக்கவேண்டும்.

டைல்ஸும் பெயிண்டும் முடிந்துவிட்டது. இப்போது ஏசி பாயிண்ட் ஒன்று வேண்டும். எல்லாம் போச்சா?

எல்லாம் போகாது. வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டியான டிபியிலிருந்து கூரைக்குள் வழியாக 4 சதுர மி.மீ. வயரைக் கொண்டுவந்து, ஏசி மாட்டும் சுவரில் கூரைக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன நிமிர்ந்த காடி போட்டால் போதும். கூரைக்குள் கை நுழைய ஒன்றிரண்டு விளக்கைக் கழற்றிய ஓட்டையே உதவும். வெட்டும்போது மெஷினோடு வாக்குவம் இணைத்து, தரையையும் கூரை ஓரத்தையும் பாலிதீனால் மூடவேண்டும். பிறகு அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை முழுதாக ஒரு கோட் அடிக்கவேண்டும். ஏசியின் தண்ணீர்க் குழாய்க்கு வெளிச்சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்தப் புதுப் பெயிண்ட் வழியே தண்ணீர் வழியும். டிபியில் அதற்கென்று தனி எம்சிபிக்கு இடம் இல்லையென்றால், சுவரைத் தொடுவதற்கு முன்பு அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.